80 ஏறி 30 இறங்கினால் மிச்சம் 50 இல்லையா? தெரியுமா இந்தக் கணக்கு?

வருசத்துக்குச் சராசரியாக 25 சதவீதம் கொடுத்த ஒரு சந்தை, போட்டவர் கையில் வருசத்துக்கு 12 சதவீதத்தைத்தான் வைத்துவிட்டுப் போனது! களவு இல்லை, கமிசன் இல்லை, எவரும் பொய்க் கணக்கு எழுதவும் இல்லை. நடந்தது வெளிநாட்டிலும் இல்லை. கொம்பனித்தெருவில் ஓட்டோ பிடித்தால் பிளேன்டி ஆறுவதற்குள் போய்ச் சேரக்கூடிய தூரத்தில், கோட்டை உலக வர்த்தக மையத்துக்குள், கொழும்புப் பங்குச் சந்தையில்!

2020 முடிவில் அனைத்துப் பங்கு விலைச் சுட்டெண் 6,774. ஒரே வருசத்தில், 2021 முடிவில், 12,226. அதாவது 80.5 சதவீத ஏற்றம். பங்கு என்றால் என்னவென்று கேட்டவர்கள்கூடக் கணக்குத் திறந்த வருசம் அது. அடுத்த வருசம் நாடே கவிழ்ந்தது. 2022 ஏப்ரலில் சந்தையை ஐந்து நாள் மூடி வைத்தார்கள். வருச முடிவில் சுட்டெண் 8,490. இறக்கம் 30.6 சதவீதம்.

தேத்தண்ணிக் கடை நானாவிடம் இதைச் சொன்னபோது அவர் கோப்பையைக் கழுவிக்கொண்டே கேட்டார்: “எண்பது ஏறி முப்பது இறங்கினா மிச்சம் அம்பதுதானே தம்பி? ரெண்டு வருசத்துக்கு அம்பது, வருசத்துக்கு இருபத்தஞ்சு. நல்லாத்தானே இருக்கு?”

போனை எடுத்துக் கல்குலேட்டரில் தட்டினேன். 100000 × 1.805. திரையில் 180,500. அதை அப்படியே வைத்து × 0.694. திரையில் 125,267! ஐம்பது எங்கே, இருபத்தைந்து எங்கே! நானா கையைத் துடைத்துக்கொண்டு வந்து தானும் ஒருமுறை தட்டிப் பார்த்தார். அதே 125,267.

காரணம் சின்னதுதான். 80.5 ஏறியது ஒரு இலட்சத்தின் மேல். 30.6 இறங்கியதோ வளர்ந்து நின்ற 180,500 ரூபாயின் மேல். சதவீதம் சின்னது, அது வெட்டிய பணம் பெரியது. சராசரி எடுக்கிறவர் கூட்டுகிறார், காசோ பெருக்கலில் நடக்கிறது. அதே இடத்துக்குத் திரும்பி ஏற 30.6 போதாது, 44 சதவீதம் வேண்டும். 2023 முடிவில்கூடச் சுட்டெண் 10,654 தான். பழைய 12,226 ஐத் தாண்ட 2024 வரை காத்திருக்க வேண்டி வந்தது. இரண்டு வருசமும் இடம் மாறி, முதலில் இறங்கிப் பிறகு ஏறியிருந்தால்? 0.694 × 1.805. அப்போதும் அதே 125,267!

இனித்தான் வியப்பு. இரண்டு வருசமும் சராசரியான 24.95 சதவீதமே அலுங்காமல் குலுங்காமல் வந்திருந்தால் ஒரு இலட்சம் 156,125 ஆகியிருக்கும். காணாமல் போனது 30,858 ரூபாய். அது எங்கே போனது என்று சதம் பிசகாமல் சொல்லலாம், தெரியுமா? ஏற்றம் 80.5, இறக்கம் 30.6. இரண்டுக்கும் இடையே உள்ள தூரம் 111.1. அதில் பாதி 55.55. இப்போது 0.5555 ஐ 0.5555 ஆல் பெருக்கி, ஒரு இலட்சத்தால் பெருக்குங்கள். 30,858! ஊசலாட்டத்தின் வர்க்கம் முழுவதையும் சந்தை பிடித்துக்கொண்டது.

இதைக் காணியாகவும் பார்க்கலாம். கொம்பனித்தெருவில் வாசல் குறுகி உள்ளே நீண்டுகொண்டே போகும் வீடுகளைப் பார்த்திருப்பீர்கள். 18.05 மீற்றர் நீளம், 6.94 மீற்றர் அகலம் என்று ஒரு துண்டு. பக்கத்தில் நாலு புறமும் 12.495 மீற்றர் உள்ள சதுரத் துண்டு. இரண்டையும் சுற்றி மதில் கட்ட ஒரே அளவு கல், ஒரே அளவு சீமெந்து. ஆனால் சதுரம் ஆறு பேர்ச்சுக்கு மேல் வரும், நீளத் துண்டு ஐந்து பேர்ச்சுக்கும் சற்றுக் குறைவு! மதில் நீளம்தான் சராசரி, உள்ளே கிடக்கும் நிலம்தான் உங்கள் பணம். நீளமும் அகலமும் விலக விலக, மதில் அப்படியே இருக்க, நிலம் சுருங்கும். இதைக் கண்டவர் பங்குத் தரகர் எவருமில்லை. யூக்ளிட் தன் இரண்டாம் நூலின் ஐந்தாம் தேற்றத்தில், கிறிஸ்துவுக்கு ஏறத்தாழ 300 வருசத்துக்கு முன்னரே கோடு கீறிக் காட்டிவிட்டார்.  

வர்க்கம் என்ற சொல்லைப் பிடித்துக்கொள்ளுங்கள், அடுத்த அதிசயம் அதற்குள்தான் இருக்கிறது. 2021 இல் பலர் கடனில் பங்கு வாங்கினார்கள். மார்ஜின் என்பார்கள்: உங்கள் காசு ஒரு இலட்சம், கடன் ஒரு இலட்சம், பங்கு இரண்டு இலட்சத்துக்கு. ஏற்றமும் இரட்டிப்பு, சராசரியும் இரட்டிப்பு, வருசத்துக்கு ஏறக்குறைய 50 சதவீதம்! வாயில் எச்சில் ஊறாதா?

சுட்டெண்ணையே இப்படி வாங்கிய ஒருவர் என்று வைத்துப் பார்ப்போம். 2021 முடிவில் கடன் போகச் சொந்தக் காசு 261,000. உற்சாகத்தில் இன்னும் கடன் எடுத்து, கடனையும் 261,000 ஆக்கி, 522,000 ரூபாய்க்குப் பங்கு வைத்திருக்கிறார். 2022 இல் அது 30.6 சதவீதம் விழுந்து 362,268. கடன் 261,000 ஐக் கொடுத்தால் கையில் மிச்சம் 101,268 ரூபாய். சராசரி 50 சதவீதம், இரண்டு வருசத்துக்குக் கிடைத்தது 1,268 ரூபாய்! அதுவும் வட்டி கட்டுவதற்கு முன்னால். 2022 ஏப்ரல் 8 ஆம் திகதி மத்திய வங்கி கொள்கை வட்டியை ஒரே நாளில் 7 சதவீதப் புள்ளி கூட்டியது. வட்டியைக் கழித்தால் முதலே கரைந்துவிடும்.

என்ன நடந்தது? கடன் சராசரியை இரண்டு மடங்காக்கியது, ஊசலாட்டத்தின் வர்க்கத்தை நாலு மடங்காக்கியது. 30,858 போய் 123,432 ஆனது. இதுவும் நல்லவிதமாக நடந்த கதை. ஆண்டின் நடுவில் சுட்டெண் வருச முடிவைவிடக் கீழே போனது. அப்போதே தரகரிடமிருந்து அழைப்பு வரும்: காசு போடு, இல்லையேல் விற்கிறோம். அந்த ‘ஃபோர்ஸ் செலிங்’ வந்தவருக்கு வருச முடிவு வரை காத்திருக்கும் பாக்கியம்கூடக் கிடைக்காது.

சரி, எதிர்ப்பக்கம் போவோமா? பாதிக் காசுக்கு மட்டும் பங்கு, மீதிப் பாதி அலுமாரியில் சும்மா. வருச முடிவில் இரண்டையும் மறுபடி சரிபாதியாக்க வேண்டும், அவ்வளவுதான் வேலை. முதல் வருசம் பங்கு 90,250, அலுமாரியில் 50,000. மொத்தம் 140,250. பாதி பாதியாகப் பிரித்தால் 70,125. இரண்டாம் வருச இறக்கத்துக்குப் பிறகு எல்லாம் சேர்த்து 118,792. முழுக்காசையும் போட்டவருக்கு 125,267 என்பது ஞாபகம் இருக்கட்டும். துணிச்சலைப் பாதியாக்கியவர் இலாபத்தில் கால்வாசிக்குச் சற்று மேலேதான் இழந்தார்! இன்னும் ஒன்று. சொந்தக் காசுக்கு மேல் பாதிக் கடன், அதாவது வருசா வருசம் சரிசெய்து ஒன்றரை மடங்கு போட்டவருக்கு வட்டிக்கு முன் கிடைத்தது 119,426. நடுங்கிக்கொண்டு கடனில் குதித்தவரும், பாதியை அலுமாரியில் வைத்துத் தூங்கியவரும் ஏறத்தாழ ஒரே இடத்தில்! அமெரிக்காவின் பெல் ஆய்வகத்தில் இருந்த ஜோன் கெல்லி 1956 இல் எழுதிக் காட்டிய மலை இது. ஒரு அளவு வரை பந்தயம் கூடக் கூட வளர்ச்சி கூடும், அதைத் தாண்டினால் குறையும், உச்சியைப் போல் ஏறத்தாழ இரண்டு மடங்கில் பூச்சியத்தைத் தொடும். இந்த இரண்டு வருசத்துக்கு உச்சி கிட்டத்தட்ட முழுக்காசு போட்ட இடத்திலேயே இருந்தது. ஆனால் முடிந்த பிறகுதான் அதைச் சொல்ல முடிகிறது, 2021 இல் எவருக்கும் தெரியாது.

வருசா வருசம் சரிபாதியாக்குவதும் மந்திரம் இல்லை. சும்மா விட்டிருந்தால் 112,634 தான், பிரித்ததால் 6,158 கூட வந்தது, உண்மை. 2009 ஐயும் 2010 ஐயும் எடுத்தால் தலைகீழ். யுத்தம் முடிந்த கையோடு சந்தை 125.2 சதவீதமும் அடுத்து 96 சதவீதமும் ஏறியது. பாதி போட்டுத் தொடாமல் விட்டவருக்கு 270,696. ஒழுங்காகப் பிரித்தவருக்கு 240,648. ஊசல் ஆடினால் பிரிப்பவருக்கு நன்மை, ஒரே திசையில் ஓடினால் தொடாதவருக்கு.

இரண்டு வருசத்திலேயே இப்படி என்றால் பதினாறு வருசத்தில்? 2008 முடிவில் சுட்டெண் 1,503. 2024 முடிவில் 15,945. ஒவ்வொரு வருச மாற்றத்தையும் கூட்டிப் பதினாறால் வகுத்தால் 22 சதவீதம். அந்த 22 ஐ நம்பிப் பெருக்கினால் ஒரு இலட்சம் 24 இலட்சம் ஆகியிருக்க வேண்டும். உண்மையில் ஆனது 10 இலட்சத்து 60 ஆயிரம்! வருசத்துக்கு 16 சதவீதத்துக்குச் சற்றுக் குறைவு. நடுவில் 2010 முடிவிலிருந்து 2020 முடிவு வரை, பத்து வருசம், 6,636 இலிருந்து 6,774. பத்து வருசத்து ஏற்ற இறக்கங்களைக் கூட்டினால் 6.5 சதவீதம், கைக்கு வந்தது 2.1.

சராசரியிலிருந்து ஊசலாட்டத்தின் வர்க்கத்தில் பாதியைக் கழி என்று புத்தகங்களில் ஒரு குறுக்கு வழி உண்டு. அதை இங்கே போட்டால் 22 இறங்கி 13 ஆகிவிடும், உண்மை விடை 16. சின்ன ஆட்டங்களுக்கு ஏற்ற சூத்திரம் அது, 125 சதவீதம் ஏறும் கொழும்புக்கு அளவு பற்றாது. கூட்டிய சராசரி எப்போதும் பொய் என்றும் நினைக்க வேண்டாம். அடுத்த ஒரே ஒரு வருசத்துக்கு எதிர்பார்ப்பு என்ன என்றால் அதுதான் சரியான எண். வருசங்களை அடுக்கும்போதுதான் அது ஏமாற்றும். ஆகவே ‘சராசரி ஆண்டு வருவாய்’ என்று துண்டுப் பிரசுரத்தில் கண்டால் இரண்டே எண்களைக் கேளுங்கள்: தொடங்கும்போது எவ்வளவு, முடியும்போது எவ்வளவு. பங்கிலாபமும் சேர்த்ததா என்றும் கேளுங்கள். மேலே சொன்ன சுட்டெண்ணில் அது சேராது.

நானா எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, “அப்ப அந்த ஒண்டேகால் இலட்சத்துக்கு எவ்வளவு சாமான் வாங்கலாம்?” என்றார். கொழும்பில் விலைவாசி 2021 இல் 12.1 சதவீதம், 2022 இல் 57.2 சதவீதம் ஏறியது. அதுவும் பெருக்கல்தான். இந்த இரண்டு வருசத்திலும் இறங்காத பெருக்கல். 125,267 ஐ 1.121 ஆல் வகுத்து, பிறகு 1.572 ஆல் வகுத்தேன். பழைய விலையில் 71,085 ரூபாய்ச் சாமான். நானா போனைத் திருப்பி என்னிடம் நீட்டி, பிளேன்டிக்குக் காசு கேட்டார். புது விலையில்.