ஜீனர் டயோடு: கணக்கை எங்கே தொடங்குவது?

12 வோல்ட் அடாப்டரிலிருந்து 5 வோல்ட் அளவில் ஒரு சின்ன சர்க்யூட்டை ஓட்ட வேண்டுமென்றால், ஒரு ரெசிஸ்டரும் 5.1 வோல்ட் ஜீனர் டயோடும் போதும். 220 ஓம் ரெசிஸ்டர் தொடரில் வருகிறது. ஜீனர் தலைகீழாக, அதாவது கோடு போட்ட முனை பாசிட்டிவ் பக்கம் இருக்கும்படி, லோடுக்கு இணையாக நிற்கிறது. லோடு 510 ஓம் என்று வைத்துக்கொள்வோம்.

பலர் 12-ஐ 220-ஆல் வகுத்துவிடுகிறார்கள். தவறு. ஜீனர் தன் இரு முனைகளுக்கிடையே 5.1 வோல்ட்டைப் பிடித்துக்கொள்வதால், ரெசிஸ்டருக்கு மிஞ்சுவது 6.9 வோல்ட்தான். அதை 220-ஆல் வகுத்தால் சுமார் 31.4 மில்லிஆம்பியர், தொடர் ரெசிஸ்டரில் ஓடும் மின்னோட்டம் இதுவே. லோடு மின்னோட்டத்துக்கு 5.1-ஐ 510-ஆல் வகுக்க வேண்டும்: 10 மில்லிஆம்பியர். மீதி 21.4 ஜீனர் வழியே போகிறது. லோடைக் கழற்றினால் மொத்த 31.4-ம் ஜீனர் தலையில்தான் விழும். அப்போதும் சூடு 0.16 வாட்தான், 1 வாட் ஜீனர் தாராளமாகத் தாங்கும்.

இதெல்லாம் ஜீனர் வேலை செய்யும்வரைதான். லோடு 100 ஓம் ஆனால்? அதே முறையில் போட்டால் லோடுக்கு 51 மில்லிஆம்பியர் என்று வரும். ரெசிஸ்டர் தருவதோ 31.4. கணக்கு உதைக்கிறது. எனவே முதலில் ஜீனரை மனத்தில் கழற்றிவிட்டு லோடின் வோல்டேஜைப் பார்ப்பதே நல்லது: 12 × 100 / 320 = 3.75 வோல்ட். 5.1-ஐ எட்டவில்லை, ஆகவே ஜீனர் விழிக்கவே இல்லை. ரெசிஸ்டரிலும் லோடிலும் ஒரே 37.5 மில்லிஆம்பியர் ஓடும். மீட்டரை லோடில் வைத்தால் 5.1-க்குப் பதில் 3.75 காட்டும்.