கொத்தமல்லிக்கு வந்த கேள்விக்குறி

பில்லில் 'கொத்தமல்லி' வர வேண்டிய இடத்தில் வரிசையாகக் கேள்விக்குறிகள் வந்தால், முதலில் பில்லிங் திரையைப் பாருங்கள். பொருளைச் சேமித்து மறுபடி திறந்தபோது அங்கேயும் கேள்விக்குறிதான் என்றால், பிரிண்டர் மேல் தப்பில்லை. டேட்டாபேஸில் பெயருக்கான இடம் பெரும்பாலும் தமிழ் ஏற்காத `varchar` ஆக இருக்கும். அதை `nvarchar` ஆக மாற்றினாலும் போன பெயர் திரும்பாது. புதிதாக அடிக்க வேண்டும்.

திரையில் சரியாக இருந்து, காகிதத்தில் `α«ò` போல வந்தால் நோய் வேறு. சாதாரண தெர்மல் பிரிண்டர் ஒரு பைட்டை ஒரு எழுத்தாகப் படிக்கும். அதன் பட்டியலில் 256 இடம்தான், அதில் தமிழ் இல்லை. நாம் அனுப்பும் 'க' யூனிகோடில் மூன்று பைட். மூன்றையும் தனித்தனியாக அச்சிட்டால் வருவதுதான் அந்த `α«ò`.

பட்டியலில் தமிழைச் சேர்த்தாலும் தீராது. 'கொ' என்பது கணினியில் முதலில் 'க', பிறகு ஒகரக் குறி என்று சேமிக்கப்படுகிறது. அச்சில் கொம்பு முன்னால் வர வேண்டும், கால் பின்னால் வர வேண்டும். வந்த வரிசையிலேயே அச்சிடும் பிரிண்டருக்கு இது தெரியாது.

ஆகவே எழுத்தாக அனுப்பாமல் படமாக அனுப்புவதே நம்பகமான வழி. கணினியே வரியை வரைந்து, கறுப்பு வெள்ளைப் புள்ளிகளாக `GS v 0` கட்டளையில் அனுப்பும். 80 மி.மீ. காகிதத்தில் பொதுவாக அகலம் 576 புள்ளிகள். 30 புள்ளி உயரமுள்ள ஒரு வரிக்கு 2160 பைட் ஆகிறது. எழுத்தாக அனுப்பினால் 48 பைட் போதும். புளூடூத்தில் இந்தத் தாமதம் கண்ணுக்கே தெரியும். அதனால் பொருள் வரிகளை மட்டும் படமாக்கி, எண்கள் மட்டும் உள்ள வரிகளை எழுத்தாகவே விடலாம். எழுத்தைச் சிறிதாக்க ஆசைப்படாதீர்கள். 'ண', 'ன' சுழிகள் அடைத்துக்கொள்ளும். விலைப் பத்தியை ஸ்பேஸ் போட்டு ஒதுக்குவதும் இங்கே செல்லாது. 'கொத்தமல்லி' கணக்கில் 10 குறி, கண்ணுக்கு ஆறு எழுத்து, அவற்றின் அகலமும் ஒன்றல்ல. விலை எந்தப் புள்ளியில் முடிய வேண்டும் என்று சொல்லித்தான் வரைய வேண்டும்.

பி.டி.எஃப். இன்வாய்ஸிலும் இதே 'கொ'தான் சோதனை. கட்டம் கட்டமாக வந்தால் தமிழ் எழுத்துரு கோப்புக்குள் சேரவில்லை. எழுத்து வந்தும் கொம்பு 'க'வுக்குப் பின்னால் நின்றால், எழுத்துருவை மாற்றிப் பயனில்லை. எழுத்தைக் கோக்கும் வேலையையே மென்பொருள் செய்யவில்லை. பைத்தானின் `fpdf2` என்றால் இந்த ஒரு வரி வேண்டும்:

```
pdf.set_text_shaping(True)
```

பில்லிங் மென்பொருள் விற்க வருபவர் 'பால்' என்று அடித்துக் காட்டினால் ஒப்புக்கொள்ளாதீர்கள். அதில் கொம்பே இல்லை. 'கொத்தமல்லி', 'வெண்ணெய்', 'கோதுமை' மூன்றையும் உங்கள் கடைப் பிரிண்டரிலேயே அச்சிட்டுக் காட்டச் சொல்லுங்கள்.