`enna da` ஏன் குப்பைக்குப் போகிறது?

ஒரு வரியைக் கொடுத்தால் அது எந்த மொழி என்று சொல்லும் கருவிகளில் பரவலாகப் புழங்குவது `lid.176.bin`. ஃபேஸ்புக் ஆய்வாளர்கள் வெளியிட்டது. 176 மொழிகளை அடையாளம் காணும். இணையத்தில் திரட்டிய எழுத்தை மொழிவாரியாகப் பிரிக்க இதைத்தான் பலரும் நாடுகிறார்கள்.

இதற்கு அர்த்தம் தெரியாது. சொல்லையும், அதற்குள் அடுத்தடுத்து வரும் எழுத்துத் துண்டுகளையும் பார்த்து, இந்தச் சேர்க்கை எந்த மொழியில் அதிகம் வருகிறது என்று கணக்குப் போடும். நீண்ட பத்தியில் நூற்றுக்கணக்கான துண்டுகள் இருப்பதால் நாலைந்து தவறினாலும் முடிவு மாறாது.

நண்பனுக்கு `enna da` என்று தட்டுகிறோம். கையில் கிடைக்கும் துண்டுகள் `enn`, `nna`, `da`, அவ்வளவே. `donna`, `nonna` என்று இத்தாலியில் `nna` சர்வசாதாரணம். `da` அங்கே தனிச் சொல்லாகவே இருக்கிறது. `enn` எஸ்டோனியத்திலும் ஃபின்னிஷிலும் வரும். கருவி தமிழைப் படித்ததோ பெரும்பாலும் விக்கிப்பீடியாவில், தமிழ் எழுத்தில். ஆகவே இங்கே தமிழுக்கு ஆதரவாகச் சொல்ல அதனிடம் ஏறக்குறைய ஒன்றுமில்லை.

‘தெரியவில்லை’ என்ற பதிலும் அதற்குக் கிடையாது. மொத்த மதிப்பெண் 1. அதை 176 மொழிகளுக்கும் பங்கிட்டே தீர வேண்டும். சான்று குறைந்தால் பங்கு சிதறும். முதலிடத்துக்கு 0.5 கூட வராத வரியைக் குப்பை என்று தள்ளும்படி நிரல் எழுதியிருந்தால், விசைப்பலகையில் கை போன போக்கில் தட்டிய `asdfgh`-உம் `enna da`-வும் ஒரே கூடையில் விழும். ‘சான்று போதவில்லை’ என்பதை ‘மொழியே இல்லை’ என்று படிப்பதுதான் இங்கே நடக்கும் தவறு.

`bus இன்னும் வரல da` போன்ற கலப்பு வரிக்குச் சோதனை இன்னும் முன்னாலேயே தொடங்கிவிடும். சுத்தம் செய்யும் கட்டத்தில் சொற்களைப் பிரிக்கப் பைத்தானில் பலரும் எழுதுவது இது:

```
re.findall(r"\w+", "இன்னும்")
['இன', 'ன', 'ம']
```

புள்ளியையும் உகரக் குறியையும் பைத்தானின் `re` எழுத்தாகவே மதிப்பதில்லை. அந்த இடங்களில் சொல்லை வெட்டிவிடுகிறது. ஓரெழுத்துத் துணுக்குகளை நீக்கும் அடுத்த கட்டமும் இருந்தால் மிஞ்சுவது `bus இன வரல da`. இதைக் குப்பை என்று சொல்லும் கருவியை மட்டும் குறை சொல்ல முடியாது.

சரிசெய்ய முடியும். எழுத்து மாறும் இடத்தில் வரியை முதலில் பிரிக்க வேண்டும். `இன்னும் வரல` யூனிகோடின் தமிழ்ப் பகுதியில் இருப்பதால் அதற்குக் கணக்கே தேவையில்லை. ரோமன் எழுத்தில் உள்ளதை ‘முடிவாகவில்லை’ என்று தனியே வைத்து, அதே ஆள் எழுதிய பத்து வரிகளைச் சேர்த்துப் பார்த்தால் சான்று கூடும். ஆனால் ரோமன் எழுத்துத் தமிழைக் கருவிக்குப் பயிற்றுவிக்காதவரை அந்தச் சேர்க்கையும் பாதி வழிதான்.

இந்த வேலையில் இருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள்: குப்பைக் கூடையை அழிக்கும் முன் அதிலிருந்து நூறு வரிகளை எடுத்து, தமிழ் தெரிந்த ஒருவரிடம் படிக்கக் கொடுங்கள்.