உங்களுக்குத் தெரியுமா? (1, 1) இன்னும் விடையல்ல!

ஒரு நேரியல் உருமாற்றத்தின் அணி [[1, 2], [2, 1]] என்று தந்திருக்கிறார்கள். ஆனால் அது வழக்கமான அச்சுகளில் இல்லை; b₁ = (1, 1), b₂ = (1, 2) என்ற அடிப்படைத் திசையன்களில் எழுதப்பட்டது. வழக்கமான அச்சுகளில் அதன் ஐகென் திசையன்கள் எவை என்பதே கேள்வி. ஐகென் மதிப்புகள் 3, −1. இவை அடிப்படையை மாற்றினாலும் மாறாதவை. மதிப்பு 3-க்குக் கிடைக்கும் ஐகென் திசையன் (1, 1). பலரும் இதையே விடையாக எழுதி மதிப்பெண் இழக்கிறார்கள். அந்த இரண்டு ஒன்றுகளும் வெறும் கெழுக்கள்; அவை குறிப்பது b₁ + b₂, அதாவது (2, 3). இதேபோல் −1-க்குரிய (1, −1) என்பது b₁ − b₂ = (0, −1).

சரிபார்ப்பது எளிது. அணியின் முதல் நிரலின்படி T(b₁) = b₁ + 2b₂ = (3, 5); இரண்டாம் நிரலின்படி T(b₂) = 2b₁ + b₂ = (3, 4). இரண்டையும் கூட்டினால் T(2, 3) = (6, 9), சரியாக மூன்று மடங்கு. வழக்கமான அச்சுகளில் (1, 1) என்பது b₁ தான். அது போய்ச் சேரும் (3, 5) அதன் மடங்கே அல்ல.