பலகை பழசானது யார் கண்ணுக்கு?

தென்மாவட்ட ஊர் ஒன்றில் பல காலமாக நடக்கும் ஜவுளிக் கடை. மெரூன் பலகை, அதில் மஞ்சள் மயில், அதே மயில் போட்ட கட்டைப்பை. சில வருடங்களுக்கு முன் எல்லாம் பச்சைக்கு மாறின, மயில் போனது. இப்போது மகன் மூன்றாவதாக ஒரு டிசைனைக் கொண்டுவந்திருக்கிறார். அப்பாவுக்கு அரை மனசு. மாற்றாவிட்டால் ‘பழைய கடை’ என்று ஒதுக்கிவிடுவார்களோ என்ற பயமும் அவருக்கு உண்டு. வணிக ஆலோசகர் ஒருவரிடம் கருத்துக் கேட்டார். வந்த மின்னஞ்சல் இப்படித் தொடங்கியது:

“அண்ணாச்சி, அந்தப் பலகையை நீங்கள் தினமும் பார்க்கிறீர்கள். உங்கள் வாடிக்கையாளர் தீபாவளிக்கு ஒரு தடவை, வீட்டில் ஒரு விசேஷம் வந்தால் இன்னொரு தடவை பார்க்கிறார். உங்களுக்குச் சலித்துப்போகும் நேரத்தில்தான் அவருக்கு அது பழகவே ஆரம்பிக்கிறது.”

கடைகள் இடறுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். வருடத்துக்கு இரண்டு தடவை வருகிறவர், மூன்று வருடத்துக்கு ஒருமுறை மாறும் டிசைனை ஆறு தடவைதான் பார்ப்பார். மனதில் பதிவதற்குள் அடுத்தது வந்துவிடும்.

மின்னஞ்சல் அடுத்து ஓர் அமெரிக்க அனுபவத்துக்குப் போகிறது. டிராபிகானா ஆரஞ்சுச் சாறு அங்கே வீட்டுக்கு வீடு தெரிந்த பொருள். அட்டைப் பெட்டியில் ஒரு ஆரஞ்சுப் பழம், அதில் செருகிய ஸ்ட்ரா, இதுதான் அடையாளம். 2009 ஜனவரியில், அப்போது உரிமையாளராக இருந்த பெப்சிகோ நிறுவனம் அதை எடுத்துவிட்டு, கண்ணாடி டம்ளரில் சாறு இருக்கும் படத்தைப் போட்டது. பெயரையும் பக்கவாட்டில் நிமிர்த்தி எழுதியது. உள்ளே இருந்தது அதே சாறுதான். ஆனால் இரண்டு மாதத்துக்குள் விற்பனை சுமார் 20 சதவீதம் சரிந்தது. பிப்ரவரி முடிவதற்குள், பழைய பெட்டிக்கே திரும்புவதாக அறிவித்துவிட்டார்கள்.

கடை அலமாரி முன் நிற்பவர் எழுத்துக்கூட்டிப் படிப்பதில்லை. நிறத்தையும் படத்தையும் பார்த்ததுமே கை நீளும். தேடிய படம் இல்லாதபோது சிலர் பக்கத்துப் பெட்டியை எடுத்திருப்பார்கள். புது டிசைன் பார்க்க எப்படி இருந்தாலும், பழைய அடையாளத்தை அது அழித்ததுதான் சிக்கல்.

அண்ணாச்சியின் கடைக்கு அந்த அலமாரி என்பது ஊர்ச் சந்தையும் பஸ் ஸ்டாண்டும். மெரூன் கட்டைப்பைகள் இன்னும் பல வீடுகளில் காய்கறி வாங்கப் போய்வருகின்றன. “காசு வாங்காமல் உங்களுக்கு விளம்பரம் செய்கிற பைகள் அவை. பலகை பச்சையானதும், அவை இல்லாத ஒரு கடைக்கு விளம்பரம் செய்துகொண்டிருக்கின்றன” என்கிறார் ஆலோசகர். கூகுள் மேப்பில் இருக்கும் பழைய மெரூன் படத்தைப் பார்த்துவிட்டு வரும் வெளியூர்க்காரர், பச்சைப் பலகையைத் தாண்டிப் போய்விடலாம்.

எதை வைத்துக்கொள்வது, எதை விடுவது? அதற்கு ஒரு சோதனை. ஆஸ்திரேலியாவின் ஏரென்பெர்க்-பாஸ் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த ஜென்னி ரோமானியுக், அடையாளங்களை இரண்டு கேள்விகளால் அளக்கிறார்: எத்தனை பேருக்கு இது தெரிகிறது? தெரிந்தவர்கள் நம் பெயரை மட்டும் சொல்கிறார்களா? கடைப் பெயரை மறைத்துவிட்டு, மெரூன் பையை 50 பேரிடம் காட்டி “இது எந்தக் கடை?” என்று கேட்கச் சொல்கிறார் ஆலோசகர். வேறு 50 பேரிடம் பச்சைப் பை. நம் பெயரை நாமே எடுத்துக்கொடுக்கக் கூடாது. கடைக்குள் நின்றும் கேட்கக் கூடாது. அங்கே எல்லோரும் சரியாகத்தான் சொல்வார்கள்.

மெரூனுக்கு 30 பேர் நம் கடையையும் 10 பேர் வேறு கடையையும் சொன்னார்கள் என்று வைத்துக்கொள்வோம். பதில் சொன்ன நால்வரில் மூவர் நம்மைச் சொல்கிறார்கள்; அது காப்பாற்ற வேண்டிய சொத்து. பச்சைக்கு 12 பேர் நம்மையும் 18 பேர் எதிர்க்கடையையும் சொன்னால், நம் செலவில் அவருக்கு விளம்பரம் நடக்கிறது, அதை விட்டுவிடலாம். இரண்டுமே யாருக்கும் தெரியவில்லை என்றால்தான் புதிதாகத் தொடங்குவதில் நஷ்டமில்லை.

எதையுமே தொடக்கூடாது என்று ஆலோசகர் சொல்லவில்லை. எழுத்து தூரத்திலிருந்து தெரியாவிட்டால் பெரிதாக்கலாம், விளக்கைக் கூட்டலாம், கடைக்குள் ரேக்குகளை மாற்றலாம். மெரூனும் மயிலும் மட்டும் இருந்த இடத்தில் இருக்கட்டும் என்கிறார். கூட்டம் குறைந்ததற்குக் காரணம் சரக்கோ விலையோ என்றால் எந்தப் பலகையும் உதவாது என்பதையும் ஒளிக்கவில்லை. கடைசி வரி மகனுக்கு: “தம்பி, புதுமையைக் காட்ட ஷோகேஸ் பொம்மைகள் இருக்கின்றன. வாராவாரம் சேலையை மாற்றுங்கள்.”