திரையின் வெண்மை

தொலைக்காட்சிப் பெட்டிகள் விற்கும் பெருங்கடை ஒன்றினுள் சென்று பாருங்கள். சுவர் நெடுகப் பெட்டிகள் வரிசையாக மாட்டப்பட்டிருக்கும். பெரும்பாலும் எல்லாவற்றிலும் ஒரே படம் ஓடிக்கொண்டிருக்கும். அப்படத்தில் வேட்டி உடுத்திய முதியவர் ஒருவர் வருகிறார் என்று வைத்துக்கொள்வோம். ஒரு திரையில் அவ்வேட்டி பால்போல் தோன்றும். அடுத்த திரையில் நீலம் பாய்ந்து பளிச்சிடும். மூன்றாவதில் சிறிது பழுப்பேறியதுபோல் இருக்கும். படம் ஒன்று, வேட்டி ஒன்று, வெண்மை மட்டும் மூன்று. இவற்றுள் படத்தை எடுத்தவர் கண்ட வெண்மை எது?

இதற்கு விடை காண, தொலைக்காட்சிக்கு வந்து சேருவது யாது என்பதை முதலில் அறிதல் வேண்டும். திரையின் ஒவ்வொரு புள்ளியிலும் சிவப்பு, பச்சை, நீலம் என்னும் மூன்று ஒளிகள் உள்ளன. எந்த ஒளி எவ்வளவு எரிய வேண்டும் என்பதை மட்டுமே படத்தின் குறிப்பு எண்களால் சொல்லுகிறது. மூன்றும் முழு அளவில் எரிய வேண்டும் என்று குறிப்பு வந்தால், அதுவே வெள்ளை. ஆனால் ‘முழு அளவு’ என்பது என்ன? மூன்று ஒளிகளையும் எந்த விகிதத்தில் கலப்பது? இதை அந்தப் பெட்டியின் அமைப்பே முடிவு செய்கிறது. அவ்வாறு முடிவு செய்யப்பட்ட வெண்மையின் நிறத்திற்கு வெண்புள்ளி என்று பெயர். வெண்புள்ளி மாறினால் வெள்ளை மட்டும் மாறுவதில்லை; சாம்பல் நிறமும், மனிதரின் மேனி நிறமும், மாலை வானமும் உடன் மாறிவிடும்.

வெண்புள்ளியை வெப்பநிலையால் குறிப்பது வழக்கம். கொல்லன் உலையில் இரும்பு காய்வதை நீங்கள் கண்டிருப்பீர்கள். முதலில் அது செக்கச்செவேல் என்றிருக்கும். மேலும் காயும்போது மஞ்சளாகும். பின்னர் வெண்மையை நெருங்கும். இரும்பு உருகாமல் இன்னும் பன்மடங்கு காயக்கூடுமாயின் இறுதியில் நீலம் கலந்த ஒளியை வீசும். எனவே, வெப்பம் குறைந்தால் செம்மை, மிகுந்தால் நீலம். மெழுகுவத்தியின் ஒளி ஏறத்தாழ 1,900 கெல்வின். முகில் மூடிய நண்பகல் வானத்தின் ஒளி ஏறத்தாழ 6,500 கெல்வின். இப்பகலொளியை ஒட்டிய வெண்மையையே தொலைக்காட்சித் துறையினர் அளவுகோலாகக் கொண்டனர். அதற்கு டி65 என்று பெயர். 1990-ஆம் ஆண்டில் உயர்தெளிவுத் தொலைக்காட்சிக்கென வகுக்கப்பட்ட பன்னாட்டு விதியும் இதனையே ஏற்றது. வீட்டில் பார்ப்பதற்காகத் திரைப்படத்தின் வண்ணங்களைச் செம்மை செய்யும் கலைஞர், டி65 வெண்மைக்கு அளவு பார்த்து அமைத்த திரையின் முன் அமர்ந்தே அப்பணியைச் செய்கிறார்.

இனி நம் வீட்டுப் பெட்டிக்கு வருவோம். அதன் பட அமைப்புப் பட்டியலைத் திறந்தால் Standard, Cinema, Filmmaker Mode என்பனபோன்ற பெயர்களைக் காணலாம். சில பெட்டிகளில் இரண்டாவதன் பெயர் Movie என்றிருக்கும். புதிய பெட்டியைத் திறந்து மின்சாரம் கொடுத்தவுடன் பெரும்பாலும் ஸ்டாண்டர்டு அமைப்போ அதனை ஒத்த ஒன்றோதான் இயங்கும். அதன் வெண்மை பல பெட்டிகளில் 9,000 கெல்வினையும் கடந்து நிற்கும்.

ஏன் இவ்வாறு செய்கின்றனர்? நம் இல்லங்களில் வெள்ளைத் துணிக்கு நீலம் போடும் வழக்கத்தை நினைத்துப் பாருங்கள். நீலம் துணியின் அழுக்கை நீக்குவதில்லை. ஆயினும் துணி முன்னிலும் வெளுத்ததாகக் கண் நம்புகிறது. திரைக்கும் இந்த நியாயமே பொருந்தும். பல பெட்டிகள் அருகருகே எரியும் கடையில், நீலம் ஏறிய திரையே மற்றவற்றைவிட ஒளி மிக்கதாகத் தோன்றும். வாங்க வந்தவரின் கண் அங்கேயே செல்லும். பகல் வெளிச்சம் நிறைந்த அறையிலும் அது எடுப்பாக இருக்கும். ஆதலின் இதனை வெறும் ஏமாற்று என்று தள்ளிவிட இயலாது. ஆனால் அது படத்தை எடுத்தவர் கண்ட வெண்மை அன்று.

ஒரு காட்சியைக் கொண்டு கணக்கிட்டுப் பார்ப்போம். இருண்ட அறையில் ஒரே ஒரு மெழுகுவத்தி எரிகிறது. அதன் அருகில் வெள்ளைப் புடைவை உடுத்திய பாட்டி அமர்ந்திருக்கிறார். அப்புடைவையின் ஓரிடத்தில் சிவப்பு ஒளி 100 பங்கும், பச்சை 70 பங்கும், நீலம் 30 பங்கும் இருக்குமாறு கலைஞர் அமைத்திருக்கிறார் என்க. டி65 வெண்மையுடைய திரையில் இந்த விகிதம் அப்படியே நிற்கும். வேறொரு பெட்டி, தன் வெண்மையைக் குளிர்ச்சியாக்குவதற்காகச் சிவப்பை ஐந்தில் ஒரு பங்கு குறைத்து, நீலத்தை நான்கில் ஒரு பங்கு கூட்டுகிறது என்று கொள்வோம். அப்போது சிவப்பு 80 ஆகும். பச்சை 70 ஆகவே இருக்கும். நீலம் 37½ ஆகும். முன்பு நீலத்தைப்போல் மூன்று மடங்குக்கு மேல் இருந்த சிவப்பு, இப்போது இரு மடங்கை ஒட்டியே நிற்கிறது. மெழுகுவத்தியின் பொன்னொளி வெளிறிவிடும். பாட்டியின் முகம் நோயுற்றவர் முகம்போல் ஆகும். அறையின் வெதுவெதுப்பைக் காட்டவே கலைஞர் அந்த நிறத்தைத் தேர்ந்தார். பார்ப்பவருக்கோ அது வந்து சேரவில்லை.

சினிமா அமைப்பு இக்குறையைப் பெரும்பாலும் நீக்கிவிடுகிறது. அதன் வெண்மை 6,500 கெல்வினை ஒட்டியே இருக்கும். அப்படியானால் மூன்றாவது அமைப்பு எதற்கு என்று நீங்கள் வினவலாம். நிறத்தைச் செம்மையாகக் காட்டுவது ஒன்று; வந்த படத்தில் கை வைக்காமல் இருப்பது மற்றொன்று. சினிமா அமைப்பு முதலாவதைச் செய்யும். இரண்டாவதில் அது பெட்டிக்குப் பெட்டி மாறுபடும். பெயர் சினிமா என்றிருந்தாலும், அசைவைச் சீராக்கும் வேலையைச் சிறிதளவேனும் விடாமல் செய்யும் பெட்டிகள் பல உண்டு.

அந்த வேலை யாது? பேசும்படக் காலம் தொட்டுத் திரைப்படம் நொடிக்கு 24 படங்களாகவே பெரும்பாலும் எடுக்கப்படுகிறது. நல்ல தொலைக்காட்சித் திரையோ நொடிக்கு 120 முறை புதுப்பிக்கப்படுகிறது. ஆகவே ஒவ்வொரு படத்தையும் ஐந்து முறை காட்டினால் கணக்குச் சரியாகிவிடும். ஆனால் அசைவைச் சீராக்கும் கருவி அதனோடு நிற்பதில்லை. திரையில் ஒரு மாட்டுவண்டி இடமிருந்து வலமாகச் செல்லுகிறது என்போம். முதற்படத்திலிருந்து அடுத்த படத்திற்குள் அது திரையில் 10 சென்டிமீட்டர் நகர்ந்துள்ளது. கருவி இவ்விரண்டையும் ஒப்பிட்டு, 2, 4, 6, 8 சென்டிமீட்டர் தொலைவுகளில் வண்டி இருப்பதாக நான்கு புதிய படங்களைத் தானே வரைந்து இடையில் செருகுகிறது. அப்படங்களை எந்த ஒளிப்பதிவாளரும் எடுத்ததில்லை.

இதனால் வண்டி வழுக்கிக்கொண்டு செல்வதுபோல் தோன்றும். அமெரிக்காவில் பகல்நேரத் தொடர் நாடகங்கள் வீடியோ முறையில், நொடிக்கு 60 அசைவுகளாகப் பதிவு செய்யப்பட்டன. திரைப்படமும் அந்நாடகம்போல் ஆகிவிடுவதால், சோப் ஆப்பெரா விளைவு என்றே இதற்குப் பெயர் வந்தது. தவறும் நேரும். வண்டி ஒரு சன்னல் கம்பியின் பின்னே மறைந்து வெளிப்படும்போது, மறைந்த பகுதி எப்படி இருக்கும் என்பது கருவிக்குத் தெரியாது, ஊகித்தே வரைகிறது. அப்போது கம்பியின் ஓரம் நெளியும். சக்கரத்தின் ஆரங்கள் கரைந்து மீண்டும் தோன்றும். உங்கள் பெட்டியில் இவ்வேலை நடைபெறுகிறதா என்றறிய, கம்பி வேலியைக் கடந்து ஒருவர் நடக்கும் காட்சியை உற்றுப் பாருங்கள்.

திரைத்துறையினர் இதனை நெடுநாள் பொறுத்திருக்கவில்லை. 2018-ஆம் ஆண்டு டிசம்பரில் நடிகர் டாம் குரூஸும் இயக்குநர் கிறிஸ்டோபர் மக்குவாரியும் ஒரு காணொளியில் தோன்றி, இச்சீராக்கத்தை நிறுத்திவிடுமாறு மக்களைக் கேட்டுக்கொண்டனர். ஆனால் அதை நிறுத்தும் இடம் ஒவ்வொரு பெட்டியிலும் வெவ்வேறு பெயரில் ஒளிந்திருந்தது. ஆகவே 2019-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில், தொலைக்காட்சி உற்பத்தியாளரும் படநிறுவனங்களும் சேர்ந்த யூஎச்டி கூட்டமைப்பு, எல்லாப் பெட்டிகளுக்கும் ஒரே பெயருடைய ஓர் அமைப்பை அறிவித்தது. அதுவே ஃபிலிம்மேக்கர் அமைப்பு. மார்ட்டின் ஸ்கார்செஸி, கிறிஸ்டோபர் நோலன் முதலிய இயக்குநர்கள் அதற்கு ஆதரவு தந்தனர். 2020 முதல் அவ்வமைப்புடைய பெட்டிகள் கடைக்கு வந்தன.

டி65 வெண்மை, படத்தின் சொந்த வேகம், சொந்த நீள அகலம் ஆகிய மூன்றையும் அது மாற்றாமல் காக்கிறது. இடைப்படங்களை வரைவதில்லை. விளிம்புகளைக் கூர்மையாக்குவதாகச் சொல்லி எழுத்துகளைச் சுற்றி வெண்கோடு இழுப்பதில்லை. படச்சுருளின் மணல் போன்ற பொடியைத் துடைக்கப் புகுந்து, முகத்தை மெழுகுப் பொம்மையாக்குவதும் இல்லை. படத்தைச் சற்றே பெரிதாக்கி ஓரங்களை வெட்டும் பழைய வழக்கத்தையும் அது விட்டுவிடுகிறது.

எனினும் இவ்வமைப்பு எந்நேரத்திற்கும் ஏற்றதன்று. இருட்டிய அறையை எண்ணியே இதன் ஒளியளவு வகுக்கப்பட்டது. பகலில் சன்னலைத் திறந்துவைத்துப் பார்த்தால் இருண்ட காட்சிகளில் ஒன்றும் புலப்படாது. கிரிக்கெட்டு ஆட்டத்திற்கும் செய்திக்கும் இது தேவையும் இல்லை. மேலும், நொடிக்கு 60 முறை மட்டுமே புதுப்பிக்கப்படும் பெட்டிகளில் 24 படங்கள் சரியாக வகுபடா. ஒரு படம் மூன்று முறையும் அடுத்தது இரண்டு முறையுமாக மாறி மாறித் தோன்றும். காமிரா பக்கவாட்டில் மெல்லத் திரும்பும்போது காட்சி நொண்டுவதுபோல் இருக்கும். சீராக்கத்தை முற்றும் நிறுத்தினால் இந்நொண்டலைப் பொறுத்துக்கொள்ளத்தான் வேண்டும். எனக்கு அது பெரிதாகத் தோன்றவில்லை. என் வீட்டார்க்கோ அது பிடிப்பதே இல்லை.

ஸ்டாண்டர்டு அமைப்பிலேயே பழகியவர் முதன்முறை ஃபிலிம்மேக்கருக்கு மாற்றியவுடன், ‘படம் மஞ்சளடித்துவிட்டதே!’ என்பர். இது பெட்டியின் குறையன்று. நீலம் கலந்த வெண்மையையே வெள்ளையெனக் கண் ஏற்றுக்கொண்டுவிட்டது. புதியதற்குப் பழக அதற்குச் சிறிது நேரம் வேண்டும். ஆகையால் இரண்டையும் மாற்றி மாற்றி அழுத்தி ஒப்பிட வேண்டா. அவ்வாறு செய்தால் ஒவ்வொரு முறையும் நீலமே வெல்லும். இரவில் விளக்கைத் தணித்துவிட்டு, ஒரு முழுப் படத்தைப் புதிய அமைப்பில் பாருங்கள். இடைவேளைக்குள் அந்த மஞ்சள் மறைந்திருக்கும். படம் முடிந்தபின் ஸ்டாண்டர்டுக்குத் திரும்பிப் பாருங்கள். அப்போது அவ்வேட்டி நீலமாகத் தெரியும்.