சுருக்கத்தில் தொலையும் காரணம்

நீண்ட கட்டுரையைத் தேர்வுக் குறிப்புக்காக ஒரே பத்தியாகச் சுருக்கும் மாணவர்கள், முற்றுவினைகளை மட்டும் பொறுக்கி எடுப்பதை நாம் பலமுறை கண்டிருக்கிறோம். தமிழில் இதனால் இழப்பு மிகுதி. காரணம் பெரும்பாலும் முற்றுவினைக்கு முன்வரும் எச்சத்தொடரிலேயே தங்கியிருக்கும்.

லிட்டில் இந்தியாவைப் பற்றிய கட்டுரையொன்றில் இவ்வாறு வருவதாகக் கொள்வோம்: "ரோச்சோர் ஆறு அருகே ஓடியதாலும் மேய்ச்சலுக்குப் புல் கிடைத்ததாலும் மாட்டு வணிகர்கள் சிராங்கூன் சாலைப் பகுதியில் தொழுவங்கள் அமைத்தனர். வணிகம் வளர, வேலையாட்களும் கடைகளும் பெருகின. பஃபலோ சாலை, கெர்பாவ் சாலை என்னும் பெயர்கள் அதனை இன்றும் நினைவூட்டுகின்றன."

முற்றுவினைகளை மட்டும் எடுத்தால் தொழுவம், கடை, பெயர் என மூன்று துண்டுகள் எஞ்சும். தொழுவங்கள் அங்கே ஏன் அமைந்தன என்பது தொலைந்துவிடும்.

ஆகவே எச்சத்தொடர்களையே முதலில் அடிக்கோடிட வேண்டும். பின்னர் அவற்றைப் பெயர்த்தொடர்களாக மாற்றலாம்: "ஆற்றுநீரும் புல்லும் ஈர்த்த மாட்டு வணிகமே சிராங்கூன் சாலைக்கு ஆட்களையும் கடைகளையும் கொணர்ந்தது, பஃபலோ சாலையின் பெயர் அதன் தடயம்." மலாயில் 'கெர்பாவ்' என்பதும் எருமையே, ஆதலால் இரண்டில் ஒரு பெயரை விட்டோம்.

பெயரெச்சங்களை அளவின்றி அடுக்கினால் எழுதியவருக்கே பின்னர் பொருள் பிரியாது. ஒரு வாரம் கழித்து, மூலத்தை மூடிவைத்துப் பத்தியிடம் "ஏன் அங்கே?" என்று கேட்டுப் பார்க்கலாம். விடை வராவிடில், வெட்டுண்ட எச்சத்தொடர் எதுவென மூலத்தில் தேட வேண்டும்.